ஃபேஸ் ஸ்வாப் எவ்வளவு நிஜமாக இருக்கிறது என்று பார்வையாளர்களை வைத்து அளப்பது எப்படி?

கேள்வி: 12 வீடியோக்களில் மூன்று வெவ்வேறு முறைகளில் முகத்தை மாற்றி, மொத்தம் 36 ஸ்வாப் செய்து வைத்திருக்கிறோம். எந்த முறை நிஜம் போல இருக்கிறது என்று ஆட்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுள் ஃபார்மில் 1 முதல் 5 வரை மார்க் போடச் சொன்னால் போதுமா? எத்தனை பேர் வேண்டும்?

பதில்:

36 ஸ்வாப்பை மட்டும் காட்டி மார்க் வாங்கினால், மூன்று முறைகளில் எது முந்துகிறது என்று ஓரளவு தெரியும். ‘நிஜம் போல இருக்கிறதா’ என்பது தெரியாது. அதற்கு, கைவைக்காத அசல் வீடியோவுக்கு அதே ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்தாக வேண்டும். “சிலவற்றில் முகம் மாற்றப்பட்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டு அசல் வீடியோவைக் காட்டினாலும், கணிசமான பேர் அதைப் போலி என்பார்கள். அந்தச் சந்தேகத்தின் அளவுதான் உங்கள் அடிக்கோடு. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான் நீங்கள் தேடும் எண். ஆகவே, காட்டுவதில் பாதி அசலாக இருக்கட்டும். அசல் கால்வாசி மட்டும் இருந்தால், ஐந்தாறு கிளிப் பார்த்ததுமே “பெரும்பாலும் போலிதான்” என்று பிடித்துக்கொண்டு, அதன் பிறகு யோசிக்காமல் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அசலைக் கலக்கும் இடத்தில்தான் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன. ஸ்வாப் வீடியோ கேமராவிலிருந்து வந்து, ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரிந்து, முகம் மாறி, மறுபடி வீடியோவாகச் சேர்ந்திருக்கும். அசல் வீடியோ கேமராவிலிருந்து நேராக வந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முகத்தைக் கவனிக்கவே வேண்டாம். ஸ்வாப்பில் பின்னால் இருக்கும் சுவர் கொஞ்சம் குழைந்திருக்கும், நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும், நொடிக்கு 30 ஃப்ரேம் 25 ஆகியிருக்கும். பார்வையாளர் அதைத் தன்னையறியாமல் பிடித்துக்கொள்வார். முகமாற்றத்தை அளப்பதாக நினைத்து நீங்கள் கம்ப்ரெஷனை அளந்துகொண்டிருப்பீர்கள்.

எனவே அசலும் அதே வழியில் நடந்து வர வேண்டும். அசலையும் ஃப்ரேம்களாகப் பிரித்து, முகமாற்றம் என்ற ஒரு படியை மட்டும் விட்டுவிட்டு, அதே மென்பொருளில் அதே அமைப்பில் மறுபடி வீடியோவாக்குங்கள். இடைப்பட்ட கோப்புகளை இழப்பில்லாத வடிவில் வைத்துக்கொண்டு, கடைசியில் 48 கோப்புகளையும் (36 ஸ்வாப், 12 அசல்) ஒரே கட்டளையில் ஓட்டுங்கள்:

```
ffmpeg -i in.mov -t 8 -vf "scale=1280:720,fps=25,format=yuv420p" \
  -c:v libx264 -crf 16 -preset slow -an -map_metadata -1 out.mp4
```

இதில் `-crf` சுருக்கத்தின் அளவு, எண் கூடக் கூடத் தரம் குறையும். `-an` ஒலியை நீக்குகிறது. குரல் இருந்தால் உதடு பொருந்துகிறதா, குரல் முகத்துக்கு ஒத்துப்போகிறதா என்று கவனம் வேறெங்கோ போய்விடும். `-map_metadata -1` கோப்புக்குள் இருக்கும் தகவல்களைத் துடைக்கிறது. சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளிப்பிலும் முகத்தின் மேல் ஒரு கறுப்புப் பெட்டியைப் போட்டு, சோதனையில் சேராத நான்கைந்து பேரிடம் “இதில் எது போலி” என்று கேளுங்கள். முகம் தெரியாதபோதும் சரியாகச் சொன்னால், உங்கள் வீடியோவில் முகத்துக்கு வெளியே ஏதோ கசிகிறது.

சுருக்கத்தின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்று 2019-இல் வந்த ஃபேஸ்ஃபோரென்சிக்ஸ்++ ஆய்வு. அதில் 204 பேரிடம் ஆளுக்கு 60 படங்கள் காட்டி, அசலா போலியா என்று கேட்டார்கள். சுருக்காத படங்களில் சரியான விடை சுமார் 69 சதவீதம். மிகவும் சுருக்கிய படங்களில் சுமார் 59 சதவீதம். முகமாற்று முறைகள் அதே முறைகள்தான், படத்தின் தரம் மட்டும்தான் மாறியது. ஆகவே உங்கள் முடிவை எழுதும்போது “720 வரி, crf 16, இந்த அளவுத் திரை” என்று சேர்த்தே எழுதுங்கள். தரத்தைச் சொல்லாத ‘நிஜத்தன்மை’ எண்ணை இன்னொருவர் தன் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

முகம் திரையில் எத்தனை பிக்சல் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். `inswapper_128` மாதிரியான மாடல் முகத்தை 128-க்கு 128 பிக்சலில்தான் உருவாக்குகிறது. ஃப்ரேமில் முகம் 120 பிக்சல் இருந்தால் அதன் குறை ஒளிந்துகொள்ளும். 400 பிக்சல் இருந்தால் புருவமும் இமையும் மெழுகு பூசியதுபோல் தெரியும். 12 வீடியோக்களிலும் முக அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் நெருக்கம், தூரம் என்று இரண்டு வகையாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு சொல்லுங்கள்.

அடுத்த கசிவு ஆட்களின் முகத்திலேயே இருக்கிறது. ஒரே நபரின் முகத்தை எடுத்து நான்கு பேர் உடம்பில் வைத்திருந்தால், இரண்டாவது கிளிப்பிலேயே “இந்த முகத்தை இப்போதுதான் பார்த்தேன்” என்று ஆட்டம் முடிந்துவிடும். முகம் கொடுத்த நபர் வேறொரு கிளிப்பில் அசலாகவே வந்தாலும் இதே கதைதான். 12 வீடியோவில் நடிப்பவர்கள் 12 பேர், முகம் கொடுப்பவர்கள் வேறு 12 பேர் என்று இருந்தால் யாரும் இரண்டு முறை வர மாட்டார்கள். ஒரு வீடியோவுக்கு மூன்று முறைகளிலும் அதே முகத்தையே வையுங்கள். இல்லாவிட்டால், முறை நன்றாக இருந்ததா அந்த ஜோடி நன்றாகப் பொருந்தியதா என்று பிரிக்க முடியாது. பிரபலங்கள் வேண்டவே வேண்டாம், அறிமுகமான முகம் என்றால் விடை முன்பே தெரிந்துவிடுகிறது. 24 பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். “என் முகத்தைப் பயன்படுத்தலாம்” என்பதோடு, “மாற்றிய வீடியோவை அந்நியர்களுக்குக் காட்டலாம்” என்பதும் அதில் தனியாக இருக்க வேண்டும்.

ஷூட்டிங் இன்னும் முடியவில்லை என்றால் ஒரு எச்சரிக்கை. போன் கேமராவில் எடுத்தால் பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். சில போன்களில் அது வாங்கும்போதே ஆன் ஆகி இருக்கும். கன்னமும் நெற்றியும் மழமழவென்று வந்த அசல் வீடியோவை ஜனங்கள் தயங்காமல் போலி என்று சொல்வார்கள். அப்போது அடிக்கோடு ஏறி, உங்கள் மோசமான ஸ்வாப்பும் அதன் பக்கத்தில் நல்லதாகத் தெரியும்.

இப்போது யாருக்கு எதைக் காட்டுவது. ஒரே வீடியோவின் அசலையும் ஸ்வாப்பையும் ஒருவரே பார்க்கக் கூடாது. பார்த்தால் அதே சட்டை, அதே அறை, வேறு முகம் என்று நேரடியாக ஒப்பிட்டுவிடுவார். அதனால் ஒவ்வொருவரும் 12 வீடியோக்களையும் தலா ஒரு முறை மட்டும் பார்க்க வேண்டும்: 6 அசலாக, மீதி 6 மூன்று முறைகளிலும் இரண்டிரண்டாக. யாருக்கு எது என்பதைச் சுழற்ற ஆறு பட்டியல் போதும்:

```
cond = ["asal", "m1", "asal", "m2", "asal", "m3"]
for g in range(6):
    print(g, [cond[(t + g) % 6] for t in range(12)])
```

ஒவ்வொரு வரியும் ஒரு பட்டியல், வரிக்குள் இருக்கும் 12 இடங்கள் 12 வீடியோக்கள். ஆறு பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு வீடியோவும் மூன்று தடவை அசலாகவும், ஒவ்வொரு முறையிலும் தலா ஒரு தடவையும் வந்திருக்கும். பட்டியலுக்கு 10 பேர் என்று 60 பேரை அழைத்தால், ஒவ்வொரு ஸ்வாப் கிளிப்பையும் 10 பேர் பார்த்திருப்பார்கள். முறை ஒவ்வொன்றுக்கும் 120 பதில், அசலுக்கு 360 பதில் கையில் இருக்கும். பார்க்கும் வரிசையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலைத்துப் போடுங்கள்.

60 ஏன்? 120 பதில்களை வைத்து இரண்டு முறைகளை ஒப்பிட்டால், தோராயமாக 13 சதவீதப் புள்ளிகளுக்குக் குறைவான வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். 45-க்கும் 65-க்கும் உள்ள தூரத்தை 60 பேர் காட்டிவிடுவார்கள், 45-க்கும் 52-க்கும் உள்ளதை மாட்டார்கள். படத்தரச் சோதனைக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு வெளியிட்ட பி.டி.500 பரிந்துரை குறைந்தது 15 பேர் என்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் எல்லாக் கிளிப்பையும் பார்த்து மார்க் போடுவார்கள். இங்கே அப்படிக் காட்ட முடியாது என்பதால்தான் தலைகள் கூட வேண்டியிருக்கிறது. அதே பரிந்துரையிலிருந்து பார்வைச் சோதனையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கண் மருத்துவரிடம் இருக்கும் எழுத்து அட்டை ஒன்று, நிறக்குருடுக்கான இஷிஹாரா புள்ளி அட்டை ஒன்று. ஸ்வாப்பின் குறை பெரும்பாலும் தாடை ஓரத்தில் தோல் நிறம் மாறும் இடத்தில் இருக்கும். நிறம் பிரித்தறிய முடியாதவரை வைத்து அதை அளக்க முடியாது.

கூகுள் ஃபார்ம் இதற்கு ஒத்துவராது. வீடியோவை யூடியூபில் ஏற்றித்தான் அதில் போட முடியும். அங்கே தலைப்பு தெரியும், நெட் வேகத்தைப் பொறுத்து ஒருவருக்கு 720, இன்னொருவருக்கு 360 என்று தரம் மாறும், எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். முடிந்தால் ஒரே அறை, ஒரே மானிட்டர், ஒரே நாற்காலி தூரம். ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தாலும் ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. சைக்கோபை என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குச் சரியாக இருக்கும். ஆன்லைனில்தான் முடியும் என்றால் பிரவுசரில் ஓடும் ஜேஎஸ்சைக் என்ற கருவியை வைத்து, வீடியோ முழுவதும் இறங்கிய பிறகே ஓடும்படி செய்து, திரையின் அகலத்தைப் பதிவுசெய்து, போனில் வருகிறவர்களைத் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்புங்கள்.

கோப்புப் பெயர் `k7f2.mp4` என்பதுபோல் அர்த்தமில்லாமல் இருக்க வேண்டும். எது எது என்ற சாவிக் கோப்பு, சோதனை நடத்தும் அறையில் இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விடை தெரிந்திருந்தால், “இன்னொரு தடவை பார்க்கட்டுமா” என்று பார்வையாளர் கேட்கும்போது அவர் சொல்லும் பதிலின் தொனியே விடையைச் சொல்லிவிடும்.

என்ன கேட்பது? “எவ்வளவு இயல்பாக இருக்கிறது, 1 முதல் 5” என்றால் ஒருவர் வெளிச்சத்துக்கு மார்க் போடுவார், இன்னொருவர் நடிப்புக்குப் போடுவார். “இந்த வீடியோவில் இருப்பவரின் முகம் மாற்றப்பட்டிருக்கிறதா?” என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பதிலுக்கு ஆறு பொத்தான்: நிச்சயமாக அசல், அசலாக இருக்கலாம், அசல் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்; மறுபக்கம் அதேபோல் மூன்று. நடுவில் பொத்தான் வைக்காதீர்கள், வைத்தால் தடுமாறும்போதெல்லாம் கை அங்கேதான் போகும். ஒவ்வொரு கிளிப்பும் எட்டு நொடி, ஒரே ஒரு முறை ஓடட்டும். அந்த எட்டு நொடிக்குள் தலை ஒரு முறையாவது பக்கவாட்டில் திரும்ப வேண்டும். நேராகப் பார்த்துப் பேசும் முகத்தில் மூன்று முறைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆரம்பத்தில் வேறு ஆட்கள் நடித்த மூன்று கிளிப்பைப் பழகுவதற்குக் காட்டுங்கள். சரியா தவறா என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் எங்கே பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிடுவார்கள். அதே காரணத்துக்காகத்தான் “எதை வைத்துச் சொன்னீர்கள்” என்று ஒவ்வொரு கிளிப்புக்குப் பிறகும் கேட்கக் கூடாது என்பேன். பன்னிரண்டும் முடிந்த பிறகு, அவர் ‘மாற்றியது’ என்ற கிளிப்புகளை மட்டும் மறுபடி ஓட்டி, சந்தேகம் வந்த இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். “இவரை உங்களுக்குத் தெரியுமா” என்று மட்டும் ஒவ்வொன்றுக்கும் கேட்கலாம். தெரியும் என்றால் அந்தப் பதிலை எடுத்துவிடுங்கள்.

நடுவில் ஒரு கிளிப், ஒட்டிய முகம் நகர்ந்து காதுப் பக்கம் வழிந்து நிற்கும் அளவுக்கு வேண்டுமென்றே கெடுத்ததாக இருக்கட்டும். அதையும் ‘நிச்சயமாக அசல்’ என்றவர் திரையைப் பார்க்கவே இல்லை, அவர் பதில்கள் கணக்கில் வேண்டாம். இந்த விதியைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் அசல் என்று சொன்னவரை மட்டும் நீக்காதீர்கள். அந்தக் கெட்ட கிளிப்பைப் பிடித்திருந்தால், அவர் உண்மையிலேயே ஏமாந்தவர். அவரும் உங்கள் அளவீட்டின் ஒரு பகுதிதான்.

கணக்குக்கு வருவோம். எண்கள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அசலின் 360 பதிலில் 108 ‘மாற்றியது’ பக்கம், அதாவது 30 சதவீதம். முதல் முறையின் 120-இல் 54, அதாவது 45. இரண்டாவதில் 78, அதாவது 65. மூன்றாவதில் 96, அதாவது 80. “முதல் முறை 55 சதவீதம் பேரை ஏமாற்றியது” என்று எழுதத்தான் கை துடிக்கும். ஆனால் அசலே 70 சதவீதம் பேரிடம்தான் தேறியிருக்கிறது. முதல் முறை அசலுக்கு 15 புள்ளி தூரத்தில் நிற்கிறது என்பதுதான் செய்தி. அந்தத் தூரத்தைச் சந்தேகக் குணத்திலிருந்து பிரித்துச் சொல்ல, d′ என்ற அளவு இருக்கிறது:

```
from statistics import NormalDist
z = NormalDist().inv_cdf
for h in (0.45, 0.65, 0.80):
    print(round(z(h) - z(0.30), 2))
```

இது 0.4, 0.91, 1.37 என்று தரும். 0 என்றால் அசலிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. 1 என்றால் கவனமாகப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. 2-ஐத் தாண்டினால் பெரும்பாலோர் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். வேறொரு ஊரில், எதையும் நம்பாத கூட்டத்தை வைத்துச் செய்தால் அசலுக்கே 50 சதவீதம் சந்தேகம் வரலாம், ஸ்வாப்பின் சதவீதங்களும் சேர்ந்து ஏறும். d′ மட்டும் பெரிதாக ஆடாது. அதனால்தான் சதவீதத்தைவிட இதை நம்பலாம்.

ஒருவர் ஒரு முறையில் இரண்டு கிளிப்தான் பார்க்கிறார் என்பதால் ஆள்வாரியாக d′ போடாதீர்கள். 0-மும் 100-மும் வந்து கணக்கு முடிவிலிக்கு ஓடும். 120 பதில்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அவை 60 பேரிடமிருந்து, 12 வீடியோக்களிலிருந்து வந்தவை. ஆர் என்ற புள்ளியியல் மொழியில் இரண்டையும் சேர்த்தே கையாளலாம்:

```
library(lme4)
glmer(said_swap ~ cond + (1 | viewer) + (1 | target),
      data = d, family = binomial("probit"))
```

`asal` அகர வரிசையில் முதலில் வருவதால் அதுவே அடிக்கோடாகிவிடும். m1, m2, m3-க்கு வரும் குணகங்கள் நேரடியாக d′ தான், பிழை எல்லையும் கூடவே வரும். ஆளுக்கு ஆள், வீடியோவுக்கு வீடியோ உள்ள வேறுபாட்டைப் பிரித்துவிடுவதால், எண் மேலே கையால் போட்டதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும்.

இதோடு நிறுத்தாமல் வீடியோவாரியாக ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள், விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மூன்றாவது முறையின் 96-ம் பன்னிரண்டு வீடியோக்களில் எட்டெட்டாகப் பரவியிருந்தால், அந்த முறையே பலவீனம். மாறாக, கை முகத்தின் குறுக்கே போகும் வீடியோக்களிலும் கண்ணாடி போட்டவர் திரும்பும் வீடியோக்களிலும் பத்துக்குப் பத்து, மற்றவற்றில் ஐந்தாறு என்றிருந்தால், அது மறைப்பைக் கையாளத் தெரியாத முறை. கை ஒதுங்கியிருக்கும் காட்சிகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். கூடவே அசலின் வரிசையையும் பாருங்கள். ஏதாவது ஒரு வீடியோவில் அசலையே 30 பேரில் 20 பேர் போலி என்றிருந்தால், அதில் மேக்கப்போ விளக்கோ தவறு செய்கிறது. அந்த வீடியோவைச் சேர்த்தும் விட்டும் இரண்டு முறை கணக்கிட்டு, இரண்டையும் அறிக்கையில் வையுங்கள். முதல் ஆறு கிளிப்பையும் கடைசி ஆறையும் பிரித்துப் பார்த்து, கடைசி ஆறில் கண்டுபிடிப்பு தெளிவாகக் கூடியிருந்தால், பார்வையாளர்கள் சோதனைக்குள்ளேயே பழகிக்கொண்டார்கள் என்று பொருள். அப்போது முதல் ஆறின் எண்தான், எந்தப் பயிற்சியும் இல்லாமல் வீடியோவைப் பார்க்கிறவருக்கு நெருக்கமானது.

மூன்றில் எது முந்துகிறது என்பது மட்டும் போதுமென்றால் இவ்வளவு வேண்டாம். ஒரே வீடியோவின் இரண்டு ஸ்வாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, “எது இயல்பு” என்று 20 பேரிடம் கேட்டாலே வரிசை கிடைத்துவிடும், இடம் வலம் மட்டும் மாற்றி மாற்றி வையுங்கள். ஆனால் அதில் முதலிடம் வந்த முறை அசலுக்கு அருகில் இருக்கிறதா என்று அந்தச் சோதனை சொல்லாது.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் அவர் பார்த்ததில் எது அசல், எது மாற்றியது என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்தவர் அதே கட்டடத்தில் காத்திருந்தால் மட்டும், அவர் முறையும் முடிந்த பிறகு சொல்லுங்கள்.